பட்டமளிப்புப் படத்தில் அம்மா அப்பா

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் டிசைன் கடை வைத்திருக்கிறார். பத்திரிகை, பேனர், கல்யாண ஆல்பம் எல்லாம் செய்வார். ஐந்தாம் வகுப்பில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து என்னிடம் திட்டு வாங்கியவர்தான். இப்போது அதுவே தொழில். போன ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் அவர் கடைக்குப் போயிருந்தபோது, "டீச்சர், இதைப் படிங்க" என்று செல்போனை நீட்டினார்.

இங்கிலாந்தில் முதுகலை முடித்த பெண் அனுப்பிய செய்தி அது. அவளும் என் மாணவிதான். மாமல்லபுரம் பக்கத்து ஒன்றியப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை என்னிடம் படித்தவள். அப்பா கல் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா வீட்டையும் இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொள்கிறார். அவள் எழுதியிருந்ததை அவள் அனுமதியோடு அப்படியே தருகிறேன்:

"அண்ணா, எனக்குப் பட்டமளிப்பு விழா நடந்துச்சு. பெத்தவங்களுக்குன்னு ரெண்டு சீட்டு கொடுத்தாங்க. ரெண்டும் காலியாத்தான் இருந்துச்சு. டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் இன்னொரு கடன் வாங்க வேண்டாம்னு நான்தான் வராதீங்கன்னு சொன்னேன். இப்ப எல்லாரோட படத்துலயும் அம்மா அப்பா இருக்காங்க, என் படத்துல நான் மட்டும் நிக்கிறேன். அவங்களை என் ரெண்டு பக்கத்துலயும் சேர்த்துத் தர முடியுமா? மாமா வீட்டுக் காதுகுத்துல எடுத்த படம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க."

படித்ததும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. தம்பிதான் பேசினார். "சேர்த்துப் பார்த்துட்டேன் டீச்சர். சரியா வரலை. ஏன்னு உங்களுக்கே தெரியும், பாருங்க" என்று கணினியில் காட்டினார். மூன்று பேரும் இருந்தார்கள். ஆனால் இரண்டு பேர் வெட்டி ஒட்டிய மாதிரி இருந்தார்கள். எது தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

மகள் வெயிலில், பச்சைப் புல்வெளியில் நிற்கிறாள். மூக்கின் நிழல் படத்தின் வலப்பக்கக் கன்னத்தில் விழுகிறது. அப்படியென்றால் சூரியன் படத்தின் இடப்பக்கம் இருக்கிறது. காதுகுத்துப் படம் மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்தது. வெளிச்சம் நேர் எதிரிலிருந்து வந்து முகத்தைத் தட்டையாக்கிவிட்டது, மூக்குக்கு நிழலே இல்லை. மகள் ஒரு சூரியனுக்குக் கீழேயும் பெற்றோர் வேறொரு விளக்குக்கு முன்னாலும் நிற்பது நம் கண்ணுக்குப் பட்டுவிடுகிறது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

அடுத்தது, காதுகுத்துப் படத்தில் அவர்கள் முழங்கால் வரைதான் இருக்கிறார்கள். கால் இல்லாதவர்களைப் புல்லில் எப்படி நிறுத்துவது? அதனால் மகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அதில் அப்பா தலை ஒரு முழம் மேலே போய்விட்டது. இதோடு, அந்தப் படம் வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்தது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், நீளப் பக்கத்தில் சுமார் 1600 புள்ளிதான் மிஞ்சும். மகளின் படம் செல்போனில் எடுத்த அசல், நீளப் பக்கம் 4000 புள்ளி. மகள் முகத்தில் முடிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது, அம்மா முகம் மெழுகு பூசியது போல் இருக்கிறது.

"அப்போ முடியாதா தம்பி?" என்றேன்.

"இந்தப் படத்தை வெச்சு முடியாது டீச்சர். அவங்களைப் புதுசா எடுக்கணும். இந்தப் படத்துக்காகவே எடுக்கணும். ஆனா அங்க ஒரு சிக்கல் இருக்கு. நீங்க வந்து பேசினாத்தான் ஆகும்."

சிக்கல் என்ன என்று மறுநாள் தெரிந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் போய், அங்கிருந்து அவர் வண்டியில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அம்மா மோர் கொடுத்தார். விஷயத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த அவருடைய அக்காதான் சொன்னார்.

"உசுரோட இருக்கறவங்களைப் படத்துல ஒட்டுவாங்களா டீச்சர்? போய்ச் சேர்ந்தவங்களைத்தானே ஒட்டுவாங்க?"

அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. நம் வீடுகளில் ஸ்டுடியோவுக்குப் போய் 'ஆளைச் சேர்த்துக் கொடுங்கள்' என்று கேட்பது பெரும்பாலும் எப்போது? தாத்தா போனபின், அவர் இல்லாத கல்யாணப் படத்தில் அவரைச் சேர்க்க. தனியாக இருக்கும் அப்பா படத்தையும் அம்மா படத்தையும் ஒரே சட்டத்தில் கொண்டுவந்து மாலை போட. அந்தத் தெருவிலேயே இரண்டு மூன்று வீட்டுச் சுவரில் அப்படிப் படங்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற மகள் தன்னையும் அப்படி ஒட்டச் சொல்லியிருக்கிறாள் என்றதும் அந்தத் தாய்க்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது. மகளிடம் சொல்ல மனசு வரவில்லை, இரண்டு நாளாகப் போன் எடுக்காமல் இருந்திருக்கிறார்.

அப்பாவின் மறுப்பு வேறு வகை. பட்டறையிலிருந்து கல் தூசியோடு வந்தவர், கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் அந்த ஊருக்குப் போகல டீச்சர். போய் நின்ன மாதிரி படம் போட்டா அது பொய்தானே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தம்பிதான் பொறுமையாகப் பேசினார். படத்தில் ஆளைச் சேர்ப்பது கம்ப்யூட்டர் வந்தபின் வந்த வித்தை இல்லை என்றார். இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் என்பவர் 1858-லேயே ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, நோயில் கிடக்கும் ஒரு பெண்ணும் சுற்றிக் குடும்பமும் இருப்பது போல ஒரே படம் செய்திருக்கிறார். நம் ஊரில் 1940-இல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரண்டு வேடத்தில் வந்தார். அந்தக் காலத்து இரட்டை வேடக் காட்சிகளில் லென்ஸில் பாதியை மறைத்து ஒரு முறை, பிலிமைப் பின்னால் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்களாம். "அதைப் பார்த்தவங்க யாரும் ஏமாந்துட்டோம்னு சொல்லலையே மாமா. ரெண்டும் ஒரே ஆளுன்னு தெரிஞ்சுதானே ரசிச்சாங்க?" என்றார்.

அப்பா யோசித்தார். பிறகு தன் தொழிலிலிருந்தே ஒரு கணக்குச் சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன்.

"எங்க வேலையிலயும் ஒட்டு உண்டு. விரல் உடையும், மூக்கு உடையும். கல் தூளைப் பசையில கொழைச்சு ஒட்டிப் பாலிஷ் போட்டா கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒட்டுன சிலை பின்னமானது. பூஜைக்கு ஆகாது. வீட்டு வாசல்ல அழகுக்கு வைக்கலாம், அதுவும் ஒட்டுனதுன்னு சொல்லித்தான் விக்கணும். சொல்லாம வித்தா அது திருட்டு."

"அப்படியே வெச்சுக்குவோம்" என்றேன். "இந்தப் படம் கூடத்துல மாட்ட. எங்கயும் சாட்சியாக் காட்ட இல்ல. சேர்த்ததுன்னு பின்னால எழுதியே வெச்சிடுவோம்."

அவர் தலையாட்டினார். அம்மாவிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். "போனவங்களுக்கு இருக்கற பழைய படத்தை வெட்டி ஒட்டுவாங்கம்மா. வேற வழி இல்ல. நீங்க இருக்கீங்க. நீங்களே வந்து நிக்கப் போறீங்க. உங்க பொண்ணு பக்கத்துல நிக்கிறதா நெனச்சுக்கிட்டு நிக்கப் போறீங்க. ரெண்டும் ஒண்ணா?" அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எந்தப் புடவை கட்டட்டும்?" என்று கேட்டார். அதோடு முடிந்தது.

இனி எடுத்த விதம். உங்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், பலருக்கு இது பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் தம்பி மகளுக்கு மூன்று கேள்வி அனுப்பினார். படம் எத்தனை மணிக்கு எடுத்தது? எடுத்தவர் எவ்வளவு தூரத்தில், செல்போனை எந்த உயரத்தில் பிடித்து எடுத்தார்? உன் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரம், அன்று போட்ட செருப்போடு? அசல் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பு, அப்போது சுருங்காது என்றும் சொன்னார். பதில் வந்தது. ஜூலை நடுவில், அங்கே மாலை நான்கு மணி. தோழி சுமார் மூன்று மீட்டர் தள்ளி நின்று, செல்போனை நெஞ்சுக்கு நேராக, ஏறக்குறைய நான்கு அடி உயரத்தில் பிடித்திருக்கிறாள். கண் உயரம் 150 செ.மீ.

நேரம் ஏன் வேண்டும்? அந்த நேரத்தில் அந்த ஊரில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரிய. செல்போனில் அதற்கொரு செயலி இருக்கிறது. பார்த்தோம், 44 டிகிரி. நம் ஊரில் ஆகஸ்ட் மாத உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்துவிடும். அப்போது எடுத்தால் கண் குழியெல்லாம் கறுத்துப் போகும், மகள் முகத்தோடு சேராது. அதே 44 டிகிரி இங்கே எப்போது வரும்?

இங்கேதான் டீச்சருக்கு வேலை வந்தது. நான் வகுப்பில் செய்து காட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு குச்சியை நேராக நட்டால், சூரியன் 45 டிகிரியில் இருக்கும்போது நிழலும் குச்சியும் ஒரே நீளம். 44 என்றால் நிழல் ஒரு துளி கூடுதல், அவ்வளவுதான். மாமல்லபுரத்தில் ஒரு மீட்டர் குச்சி நட்டுக் காலையில் பார்த்தோம். ஒன்பது மணி சுமாருக்கு நிழல் ஒரு மீட்டரைத் தொட்டது. மதியம் மூன்றே கால் மணி வாக்கிலும் அதே அளவு வரும். ஆனால் அதற்குள் கடல்காற்று எழுந்துவிடும். முடியும் புடவைத் தலைப்பும் பறந்தால் அந்த ஓரங்களைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் காலை என்று முடிவு செய்தோம்.

இடம் அடுத்தது. அம்மாவுக்குக் கடற்கரையில் எடுக்க ஆசை. தம்பி வேண்டாம் என்றார். கடல் மணல் வெயிலை மேல்நோக்கித் திருப்பி அடிக்கும். தாடைக்கும் மூக்குக்கும் கீழே மஞ்சள் வெளிச்சம் ஏறிவிடும். மகள் நிற்பது புல்லில், அவள் தாடைக்குக் கீழே இலேசான பச்சைதான் இருக்கிறது. ஆகவே எங்கள் பழைய பள்ளி மைதானத்தில், மழைக்கு முளைத்திருந்த புல்லில் எடுத்தோம். பின்னால் வேப்ப மரங்கள். மகள் படத்திலும் பின்னால் கரும்பச்சை மரங்கள்தான். ஓரத்தில் ஒரு முடி அளவு பின்னணி ஒட்டிக்கொண்டு வந்தாலும் நிறம் பொருந்திவிடும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்திருந்தால், ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று தங்கியிருக்கும். ஒட்டுப் படத்தைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

திசை. காலையில் சூரியன் கிழக்கே. மகள் படத்தில் வெளிச்சம் இடப்பக்க முன்னாலிருந்து வருகிறது. அதே மாதிரி வர, பெற்றோர் வடகிழக்கைப் பார்த்து நிற்க வேண்டும், செல்போன் தென்மேற்கைப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டார். ஸ்டாண்டில் செல்போனை நான்கு அடி உயரத்தில் வைத்தார். தூரம் மாறினால் முகத்தின் வாட்டமே மாறும். மிக அருகே நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகி, கால் சிறுத்துவிடும். உயரம் மாறினால் ஒருவரை நேராகவும் இன்னொருவரை மேலிருந்தும் பார்ப்பது போல் ஆகிவிடும். இந்த இரண்டையும் கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்ய முடியாது.

இப்போது ஒரு கேள்வி. அம்மா கையை எங்கே வைப்பது? மகள் தோளில் கை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. காற்றில் கை வைத்து எடுத்தால் கை கனமில்லாமல் மிதக்கும். தோளில் பதிந்த கையின் விரல்கள் கொஞ்சம் விரியும், அதன் நிழல் தோளில் விழும். அதற்குத் தம்பி ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, ஏறக்குறைய அதே உயரம். குறைந்த அளவுக்கு ஒரு பலகை போட்டு நிற்க வைத்து, பட்டமளிப்பு அங்கி மாதிரி ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டார். அவள்தான் நடுவில். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அவள் தோளில்தான் கை. பிறகு கம்ப்யூட்டரில் அவளை எடுத்துவிட்டு, மகளை வைத்துக்கொள்ளலாம். கையும் நிழலும் நிஜமாகவே இருக்கும்.

அப்பா விறைப்பாக நின்றார், ஓட்டர் ஐடி படம் மாதிரி. அம்மா கண்ணில் சிரிப்பே இல்லை. அப்போது தம்பி வேறொரு செல்போனை எடுத்து வீடியோவில் அழைத்தார். அங்கே விடியற்காலை நாலரை மணி. அவள் தூங்காமல் காத்திருந்தாள். அந்தச் செல்போனைக் கேமராவுக்கு நேர் மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்னிடம். அப்போதுதான் பார்வை லென்ஸுக்கு அருகே இருக்கும்.

"அம்மா, மல்லிப்பூ வெச்சிருக்கியா?" என்றாள் அவள்.

அம்மா சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளை, மகள் தோள் என்றே இறுக்கிப் பிடித்துவிட்டார். "அப்பா, தோளைக் கீழ இறக்குங்க" என்றாள். அப்பா இறக்கினார். எனக்குக் கை ஆடியது. படம் எடுத்தது நான் இல்லை என்பதால் தப்பித்தது.

மூன்று நாள் கழித்துக் கடையில் சேர்க்கும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் ஆறு மணி நேரம் பிடித்தது. முதலில் அளவு. மகள் படத்தில் தரையிலிருந்து கண் வரை 1500 புள்ளி. நிஜத்தில் 150 செ.மீ. ஆக ஒரு செ.மீ.க்கு 10 புள்ளி. மைதானத்தில் செருப்போடு நிற்க வைத்து டேப்பால் அளந்திருந்தோம், அப்பாவின் கண் உயரம் 157, அம்மாவுடையது 139. அப்படியானால் அப்பா 1570 புள்ளி, அம்மா 1390 புள்ளி. கண்ணால் குத்துமதிப்பாகச் செய்தபோது ஒரு முழம் போன தலை, இந்த மூன்றாம் வகுப்புக் கணக்கில் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. தலைக்குப் பதில் கண்ணை அளந்ததற்குக் காரணம், மகள் தலையைப் பட்டத் தொப்பி மூடியிருக்கிறது.

பிறகு ஓரம் வெட்டுவது. ரப்பர் வைத்து அழிக்கக் கூடாதாம். அழித்தது போனதுதான். 'மாஸ்க்' என்று ஒன்று இருக்கிறது. அது மேலே ஒரு திரை மாதிரி. கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். எண்ணெய் தேய்த்து வாரிய அம்மா முடி சுலபமாக வந்தது. மல்லிப்பூவுக்குத்தான் அரை மணி நேரம்.

கடைசியாகத் தரை. அப்பா அம்மா செருப்பு புல்லுக்கு மேலே மிதந்தது. காரணம் இரண்டு. பாதம் தரையைத் தொடும் இடத்தில் கறுத்த மெல்லிய நிழல் இருக்க வேண்டும், தள்ளிப் போகப் போக அது வெளிறிப் பரவ வேண்டும். அதை மகளின் காலடி நிழலைப் பார்த்தே போட்டார், அதே திசையில், அதே கருமையில். இன்னொன்று, நிஜமாகப் புல்லில் நிற்பவரின் செருப்பில் பாதியைப் புல் மறைத்திருக்கும். மகள் படத்துப் புல்லிலிருந்தே சில இதழ்களை எடுத்துச் செருப்பு மேலே வைத்தார். அந்த நொடியில் அவர்கள் இருவரும் அங்கே நின்றுவிட்டார்கள்.

சரிபார்க்க அவர் செய்ததைச் சொல்கிறேன், இது யாரும் செய்யலாம். படத்தை நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தார். யாராவது தனியாக வெளிறியோ கறுத்தோ தெரிந்தால் வெளிச்சம் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்பா வேட்டி தெரிந்தது, கொஞ்சம் இறக்கினார். பிறகு கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பிப் பார்த்தார். பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய குறை அப்படித் திருப்பினால் தெரியும். அம்மா விரல் ஒன்று அங்கியில் பதியாமல் இருந்தது தெரிந்தது.

அளவிலும் ஒரு வரம்பு உண்டு. மகள் பெரிய சுவர் படமாகக் கேட்டாள். மூன்று பேருக்கும் நெருக்கமாக வெட்டியபின் மிஞ்சியது சுமார் 2100 புள்ளி உயரம்தான். 8-க்கு 10 அங்குலத்துக்கு அது தாராளம். அதற்கு மேல் பெரிதாக்கினால் முகம் கரையும் என்று தம்பி மறுத்துவிட்டார். பணம் அதிகம் கிடைக்கும் என்று அவர் ஒப்புக்கொள்ளாதது எனக்குப் பெருமை.

படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மாமல்லபுரம் போனேன். அம்மா நெடுநேரம் பார்த்தார். "நான் அங்க செருப்போட புல்லுல நின்னுருக்கேன்" என்றார். பெரியம்மா சட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாலை போடாதீங்கடி" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

அப்பா படத்தைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் எழுதினார். உளி பிடிக்கிற கை, எழுத்து ஒவ்வொன்றும் செதுக்கியது போல இருந்தது. மகள் நின்றது இங்கிலாந்தில் ஜூலையில், நாங்கள் நின்றது பள்ளி மைதானத்தில் ஆகஸ்டில், சேர்த்தது செங்கல்பட்டில் என்று மூன்று வரி. கீழே கையெழுத்து. அம்மாவையும் போடச் சொன்னார்.

மகள் அந்தப் படத்தை முகநூலில் போட்டபோது முதலில் ஒன்றும் எழுதவில்லை. தோழிகள் "உங்க அம்மா அப்பா வந்திருந்தாங்களா, சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஆமாம் என்று சொல்லிவிடத்தான் தோன்றியதாம். அன்று இரவு என்னிடம் சொல்லி அழுதாள். "அப்பா பின்பக்கம் எழுதின மூணு வரியைப் படம் எடுத்து அதையும் கூடவே போடும்மா" என்றேன். போட்டாள். அந்த இரண்டாவது படத்துக்குத்தான் அதிகம் பேர் பதில் எழுதினார்களாம்.

தூரத்தில் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். இப்படி ஒரு படம் வேண்டும் என்றால், வீட்டில் கிடைக்கிற பழைய படத்தை அனுப்பாதீர்கள். உங்கள் படத்தை அசலாக அனுப்புங்கள். எடுத்த நேரம், தூரம், கேமரா உயரம், உங்கள் கண் உயரம் நான்கையும் எழுதி அனுப்புங்கள். அம்மா அப்பா அதற்கென்று ஒரு காலை எழுந்து, குளித்து, நல்ல துணி உடுத்தி, நீங்கள் பக்கத்தில் இருப்பதாக நினைத்து நிற்கட்டும். நீங்கள் தனியாக நிற்கும் அசல் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்த படத்தின் பின்னால் சேர்த்தது என்று எழுதிவிடுங்கள். முக்கியமாக, படம் எடுக்கிற அன்று நேரம் பார்க்காமல் வீடியோவில் கூப்பிடுங்கள். அந்தச் சிரிப்பைக் கம்ப்யூட்டரில் வரவழைக்க முடியாது என்று தம்பியே சொன்னார்.

உங்கள் வீட்டில் இப்படிச் சேர்த்த பழைய ஸ்டுடியோ படம் இருந்தால் கீழே எழுதுங்கள். யாரை, எந்த வருஷம், எந்த ஊரில் சேர்த்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்